தரையில் படுக்காத கோலம்



காரைக்குடிப் பக்கம் அச்சாகிற கல்யாணப் பத்திரிகைகளையும் தினசரிக் காலண்டர்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவின் படம் இருக்கும். தூண் வரிசை இருக்கும். நடுவிலே முற்றம், முற்றத்திலே பெரிசாய் ஒரு கோலம். வீடு நிஜம், தூண் நிஜம், தரையும் நிஜம். கோலம் மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கிறீர்களா? அந்தக் கோலம் தரையில் படுத்திருக்காது. எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் தரைக்கு நாலு விரற்கடை மேலே மிதக்கும்.

இப்படி ஒரு காலண்டரை எங்கள் தெரு ஆச்சி ஒருவரிடம் காட்டினேன். அறுபது வருஷமாய்க் கோலம் போடுகிற கை அவருடையது. கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது தரையிலயா கெடக்கு? செவுத்துல மாட்டுன பாய் மாதிரியில்ல நிக்குது!" என்றார். ஆச்சிக்கு பெர்ஸ்பெக்டிவ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தப்பு தெரிந்துவிட்டது. நாம் மூன்று வருஷம் டிராயிங் போர்டைச் சுமக்கிறோம். நமக்குக் காரணமும் தெரிய வேண்டுமா இல்லையா?

என் கருத்து இதுதான். இந்தத் தப்புக்குக் கம்ப்யூட்டர் காரணமில்லை. விலை உயர்ந்த சாஃப்ட்வேர் இல்லாததும் காரணமில்லை. தரையை அளக்காமல் கோலத்தில் கை வைப்பதுதான் காரணம். கோலம் போடுகிறவர்கள் முதலில் தரையைக் கூட்டித் தெளிக்கிறார்கள், அப்புறம் புள்ளி வைக்கிறார்கள், அதற்கப்புறம்தான் கோடு. படத்தில் வரைவதற்கும் அதே வரிசைதான். முதலில் தரை, அடுத்தது புள்ளி, கடைசியில் மாவு. ஸ்டுடியோக்களில் பகுதிநேர வேலைக்குப் போகிற நண்பர்கள் இதைத் தலைகீழாய்ச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். வலையிலிருந்து ஒரு கோலத்தை இறக்கி, படத்தின் மேல் போட்டு, மேலிருந்து கீழே நசுக்கி, வெள்ளை நிறம் கொடுத்துவிட்டு, 'முடிஞ்சுதுப்பா' என்கிறார்கள். எங்கே சறுக்குகிறது என்று ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கண்மட்டம் எங்கே?

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்காக அவர்கள் வீட்டு முற்றத்தை நானே படம் எடுத்தேன். அந்த முற்றத்தில் மேலே கம்பி போட்டு, கீழே 8 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். போனைச் செங்குத்தாய், முன்னே பின்னே சாய்க்காமல், தரையிலிருந்து 5 அடி உயரத்தில், அதாவது 60 அங்குலத்தில் பிடித்தேன். சாதாரண 1x லென்ஸ்தான். அகலமாய்க் காட்டுகிற 0.5x லென்ஸைத் தொடவே கூடாது. அதில் கல் இடுக்குக் கோடுகள் ஓரத்தில் வளைந்துவிடும், வளைந்த தரையில் நேர்க்கோட்டு வித்தை எதுவும் செல்லாது. படம் அகலத்தில் 3000 பிக்ஸல், உயரத்தில் 4000 பிக்ஸல்.

முதல் வேலை கண்மட்டக் கோட்டைக் கண்டுபிடிப்பது. டிராயிங் வகுப்பில் ஹொரைசான் லைன் என்று போடுகிறோமே, அதே கோடுதான். படத்திலே நம்மை விட்டு விலகி ஓடுகிற இரண்டு கல் இடுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மேலும் ஸ்கேல் வைத்த மாதிரி கோடு இழுத்து மேலே நீட்டுங்கள். அவை சந்திக்கிற இடம்தான் வானிஷிங் பாயிண்ட், அதன் வழியாகப் போகிற படுக்கைக்கோடு கண்மட்டம். என் படத்தில் போனைச் சாய்க்காததால் அது சரியாய்ப் படத்தின் நடுவில், மேலிருந்து 2000வது பிக்ஸலில் விழுந்தது. போனைச் சாய்த்து எடுத்திருந்தாலோ படத்தை வெட்டியிருந்தாலோ நடுவில் விழாது, நீட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. தூணில் 5 அடி உயரத்தில் ஓர் அடையாளம் இருந்தால், பக்கத்துத் தூணானாலும் கோடித் தூணானாலும் அது கண்மட்டக் கோட்டிலேயே இருக்கும்.

வலையில் கிடைத்த படத்தில் வரைகிறவர்களுக்கு இங்கேதான் முதல் சறுக்கல். படத்தின் கண்மட்டம் ஓரிடத்தில் இருக்கும், நசுக்கிய கோலத்தின் ஓரக்கோடுகள் வேறு எங்கோ போய்ச் சந்திக்கும். ஒரே தரைக்கு இரண்டு கண்மட்டம் இருக்க முடியாது. ஆச்சி 'நிக்குது' என்று சொன்னாரே, அதன் அர்த்தம் இதுதான்.

கல்லே அளவுகோல்

செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு ஒரு சௌகரியம். தரையிலேயே கட்டம் போட்ட கிராஃப் தாள் பதித்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, கலர் சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பிச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைப்பதுதான். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பக்கம்தான் நாம் மிதிக்கிற பளபளப்பான பக்கம். கைவேலை என்பதால் ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும், இடுக்கும் ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் சுருங்கும். அதனால் ஒரே ஒரு கல்லை நம்பி அளவெடுக்கக் கூடாது. ஐந்துக்கு ஐந்து கல் சேர்ந்த பெரிய சதுரத்தின் நாலு மூலையை எடுங்கள். மூலையைக் குறிப்பதில் ஒரு பிக்ஸல் பிசகினாலும் அது ஐந்து கல்லுக்கும் பங்காகிக் கரைந்துவிடும்.

ஐந்து கல் என்றால் 40 அங்குலம். நான் எடுத்துக்கொண்டது 9க்கு 9 நேர்ப்புள்ளிக் கோலம், புள்ளிக்குப் புள்ளி 4 அங்குலம். ஒன்பது புள்ளிக்கு எட்டு இடைவெளி, ஆக 32 அங்குலம். சுற்றிலும் 4 அங்குலம் விட்டால் 40 வந்துவிடுகிறது. இப்போது கம்ப்யூட்டரில் 2000க்கு 2000 பிக்ஸல் சதுரத் தாள் ஒன்றைத் திறந்தேன். ஓர் அங்குலத்துக்கு 50 பிக்ஸல் கணக்கு. முதல் புள்ளி 200ல், அடுத்தது 400ல், கடைசிப் புள்ளி 1800ல். இது மேலிருந்து நேராய்ப் பார்த்த பிளான். கோலத்தை முழுக்க முழுக்க இந்தப் பிளானில்தான் வரைய வேண்டும். சாய்ந்த படத்தின் மேல் நேரடியாகக் கோடு இழுப்பது, எலிவேஷனில் பிளான் வரைகிற கதைதான்.

இந்தச் சதுரத்தைப் படத்தில் எங்கே வைப்பது? கோலத்தின் முன் ஓரம் என் காலிலிருந்து 10 அடி, அதாவது 120 அங்குலத் தூரத்தில் இருந்தது. பின் ஓரம் 160 அங்குலத்தில். சாய்க்காத கேமராவுக்குச் சின்ன ஒரு சூத்திரம் போதும்:

y = f × h ÷ d

இதில் h கேமராவின் உயரம், d தரையில் தூரம், f லென்ஸின் குவிய தூரம் பிக்ஸல் கணக்கில் (என் போனில் சுமார் 3000). y என்பது கண்மட்டத்துக்குக் கீழே எத்தனை பிக்ஸல் என்பது. முன் ஓரத்துக்கு 3000 × 60 ÷ 120, ஆக 1500. பின் ஓரத்துக்கு 3000 × 60 ÷ 160, ஆக 1125. அகலமும் இப்படியே. 40 அங்குல முன் ஓரம் 1000 பிக்ஸலாகவும், அதே 40 அங்குலப் பின் ஓரம் 750 பிக்ஸலாகவும் வரும்.

இப்போது கவனியுங்கள். கோலத்தின் நட்டநடுப் புள்ளி 140 அங்குலத் தூரத்தில் இருக்கிறது. அது விழ வேண்டிய இடம் 3000 × 60 ÷ 140, சுமார் 1286. ஆனால் 1125க்கும் 1500க்கும் பாதி என்ன? 1312.5! நடுப்புள்ளி படத்தில் நடுவில் விழுவதில்லை, சுமார் 27 பிக்ஸல் மேலே ஏறித்தான் விழுகிறது. ஐந்து கல் வரிசையைப் பார்த்தாலும் அப்படியே. நமக்குப் பக்கத்து வரிசை சுமார் 94 பிக்ஸல் உயரம், அடுத்தது 83, பிறகு 74, 66, கடைசி வரிசை 59. கோலத்தை மேலிருந்து கீழே நசுக்கினால் எல்லா வரிசையும் சமமாய் 75 ஆகிவிடும். பக்கத்தில் இருக்கிற கல் 94, அதன் மேல் கிடக்கிற கோலக் கட்டம் 75. கண் ஏமாறுமா?

இதைச் சரிபார்க்க இத்தனை கணக்குக்கூட வேண்டாம். சதுரத்தின் இரண்டு மூலைவிட்டத்தையும் இழுங்கள். அவை வெட்டிக்கொள்கிற இடம்தான் நடுப்புள்ளி. இத்தாலியின் ஆல்பெர்ட்டி 1435ல் ஓவியம் பற்றி எழுதிய நூலிலும் விஷயம் இதுவே. தளக் கல் வரைகிற ஓவியர்கள் சிலர் ஒவ்வொரு வரிசையையும் முன் வரிசையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டே போவது தவறு என்றார். பல கட்டங்களின் மூலைவிட்டம் ஒரே நேர்க்கோட்டில் ஓடினால்தான் தளம் சரி என்றும் சொன்னார். கல் பதித்த தரைதான் அங்கேயும் பாடம்.

நாலு மூலை போதும்

இனி வேலை சுலபம். இலவசமாய்க் கிடைக்கிற GIMP-ல் பிளானைப் படத்தின் மேல் தனி லேயராக வைத்து, `Shift+P` அழுத்தினால் `Perspective` கருவி வரும். பிளானின் நாலு மூலையை ஐந்து கல் சதுரத்தின் நாலு மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தால், நடுவிலுள்ள 81 புள்ளியும் தானாகத் தன் தன் இடத்தில் விழும். ஒரு சமதளத்தை இன்னொரு சமதளத்தின் மேல் சாய்த்துப் பொருத்த நாலு புள்ளி போதும் என்பது கணிதம். கேமராவைச் சாய்த்து எடுத்திருந்தால் என் சூத்திரம் உதவாது, ஆனால் இந்த நாலு மூலை வழி அப்போதும் சரியாகவே வரும். அதனால்தான் சூத்திரத்தைவிடக் கல்லை நம்புங்கள் என்கிறேன்.

பல வீடுகளில் முற்றத்தின் நடுவே ஆத்தங்குடிக் கல் இருக்காது, அளவுக்கு அளவு மாறுகிற கருங்கல் பலகைதான் கிடக்கும். அங்கே படம் எடுப்பதற்கு முன்பே தரையில் ஒரு சதுரம் அளந்து நாலு மூலையிலும் ஒவ்வொரு காசு வைத்துவிடுங்கள். மூலைமட்டத்துக்கு நம்ம சிவில்காரங்க நூல் பிடிக்கிற 3, 4, 5 கணக்கே போதும். காசை அப்புறம் படத்தில் அழித்துக்கொள்ளலாம்.

பொருத்தியது சரியா என்று பார்க்க, அதே கருவியில் `Corrective (Backward)` என்று ஒன்று இருக்கிறது. முடிந்த படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, அந்த நாலு மூலையைக் கொடுத்துத் திருப்பி நிமிர்த்துங்கள். கல்லெல்லாம் சதுரமாகும்படி உயரத்தைச் சரிசெய்ததும் கோலத்தின் வட்டமெல்லாம் வட்டமாக வேண்டும். கல் சதுரமாகி வட்டம் முட்டை வடிவில் நின்றால், மூலை எங்கேயோ பிசகியிருக்கிறது.

இன்னொரு சோதனை, கோட்டின் தடிமன். மாவுக் கோடு கால் அங்குல அகலம் என்று வையுங்கள். முன் ஓரத்தில், நம்மை விட்டு விலகி ஓடுகிற கோடு 6 பிக்ஸல் அகலமாய்த் தெரியும். இடமிருந்து வலமாய்ப் போகிற கோடு அதில் பாதிதான், 3 பிக்ஸல். ஒரே கை, ஒரே மாவு, ஆனாலும் படத்தில் பாதி! ஒரு சுழி வளைந்து திரும்பும்போதே கோடு மெலிந்து மறுபடி தடிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாய்க் கோடு ஓடினால், அது சாய்த்த பிறகு மேலே வரைந்த கோடு. பேனாக் கோடு, மாவுக் கோடு அல்ல.

மாவு மையல்ல

சரி, கோலம் தரையில் படுத்துவிட்டது. இப்போதும் அது ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். மாவாக வேண்டுமே!

இங்கே நம் நண்பர்கள் செய்வது, கோடு முழுக்கச் சர்க்கரை தூவிய மாதிரி பெரிய பெரிய மணல்மணியைப் போடுவது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். என் படத்தில் கோலத்தின் முன் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்கு 25 பிக்ஸல், அதாவது ஒரு பிக்ஸல் சுமார் 1 மில்லிமீட்டர். கோலமாவின் துகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே பத்தடித் தூரத்தில் துகள் தெரியவே கூடாது! தெரிந்தால் அது மாவல்ல, ஜல்லி. இரண்டடிக்குள் குனிந்து எடுத்த படமானால்தான் துகளுக்கு இடமுண்டு.

அப்படியானால் தூரத்திலிருந்து மாவை மாவென்று எது காட்டுகிறது? கையின் நடை காட்டுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு விழும்போது, கை மெதுவாய்ப் போகிற இடத்தில் கோடு தடித்து நன்றாய் வெளுக்கும். விரைவாய் ஓடுகிற இடத்தில் மெலிந்து தரை லேசாய் எட்டிப் பார்க்கும். ஒரு சிட்டிகை தீர்ந்து அடுத்த சிட்டிகை தொடங்குகிற இடத்தில் சின்ன ஒட்டு விழும். சுழி வந்து மூடுகிற இடத்தில் மாவு மாவின் மேல் விழுந்து சற்றே மேடாகும். கோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தூவல் சிதறும். இதையெல்லாம் பிளானிலேயே, சாய்ப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அப்போதுதான் தூரம் போகப் போகத் தூவலும் சேர்ந்து சுருங்கும்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதுதான். கறுப்புச் சார்ட் பேப்பரில் நிஜக் கோலமாவால் ஓரடி நேர்க்கோடு, ஒரு வளைவு, பத்துப் பதினைந்து புள்ளி போட்டு, நேர் மேலிருந்து படம் எடுங்கள். கறுப்பை நீக்கிவிட்டால் அதுவே உங்கள் தூரிகை. 81 புள்ளிக்கும் ஒரே புள்ளியை ஒட்டாதீர்கள். பதினைந்தையும் மாற்றி மாற்றி, திருப்பித் திருப்பி வையுங்கள். எல்லாப் புள்ளியும் அச்சடித்த மாதிரி ஒரே வடிவில் இருந்தால், கோலம் போட்டது கையல்ல, ரப்பர் ஸ்டாம்பு என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் போடுகிற நடுவீட்டுக் கோலம் உலர்ந்த மாவில் போடுவதல்ல, அரிசி மாவைக் கரைத்துப் போடுவது. அதில் தூவல் இருக்காது, மேடும் இருக்காது. ஓரம் மழுங்கி, தரையோடு தரையாய்க் காய்ந்திருக்கும். அதற்குப் போய்ப் பொடித் தூவல் கொடுத்தால், பார்த்த மாத்திரத்தில் ஊரார் சிரிப்பார்கள்.

வெயிலும் நிழலும்

மாவின் நிறம் வெள்ளை என்று யார் சொன்னது? முற்றத்தில் பாதி வெயில், பாதி நிழல். படம் எடுப்பதற்கு முன்னால் வெயிலில் ஒரு சிட்டிகை, நிழலில் ஒரு சிட்டிகை நிஜ மாவை வைத்தேன். அப்புறம் படத்தில் அளந்து பார்த்தால், வெயிலில் உள்ள மாவு 255க்கு 232தான், அதிலும் லேசான மஞ்சள். நிழலில் உள்ளது 150ஐத் தாண்டவில்லை, திறந்த வானத்தின் நீலம் வேறு அதில் ஏறியிருந்தது. இந்த இரண்டு சிட்டிகைக்கு ஈடான ஃபில்டர் உலகத்தில் இல்லை. கோலத்தின் வெயில் பாகத்துக்கும் நிழல் பாகத்துக்கும் அந்தந்த நிறத்தையே கொடுத்து, நிழல் எல்லையைத் தரையில் உள்ளபடியே கோலத்தின் மேலும் கூர்மையாக ஓடவிட்டேன். கம்பி நிழல் கல்லின் மேல் ஓடி, கோலத்தருகே வந்ததும் காணாமல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

லேயரை எந்த முறையில் கலப்பது என்பதும் முக்கியம். `Screen` என்று போட்டால் கல்லின் பூ டிசைன் மாவுக்குள்ளிருந்து பளபளக்கும், தூணின் பிரதிபலிப்புகூட மாவுக்கு ஊடே தெரியும். நிஜத்தில் நடப்பது நேர் எதிர். ஆத்தங்குடிக் கல் மினுக்கும், மாவு மினுக்காது. மாவு விழுந்த இடத்தில் பிரதிபலிப்பு அறுந்து போக வேண்டும். அதனால் `Normal` முறையே சரி. தரை தெரிய வேண்டியது மாவு மெலிந்த இடத்திலும் ஓரத் தூவலிலும் மட்டும்தான்.

கடைசியாய் இந்த `Drop Shadow`. தயவு செய்து அதைத் தொடாதீர்கள். மாவுக் கோட்டின் உயரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். உச்சி வெயிலில் அதன் நிழல் என் படத்தில் ஒரே ஒரு பிக்ஸல்தான் வரும். பத்துப் பிக்ஸல் நிழல் கொடுத்தால், கோலம் தரைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே மிதக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. ஆரம்பத்தில் சொன்ன மிதப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதெல்லாம் எதுக்குப்பா?

'யாரு ஸ்கேல் வச்சுப் பாக்கப்போறா?' என்று ஒரு நண்பன் கேட்டான். இன்னொருவன், 'இவ்வளவு பாடுபடுறதுக்கு நிஜக் கோலத்தையே போட்டுப் படம் எடுத்துரலாமே!' என்றான். இரண்டும் நியாயமான கேள்வி.

முதல் கேள்விக்கு ஆச்சியே பதில். ஸ்கேல் இல்லாமலே கண் அளந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கு, 'ஆமாம், முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும்' என்பதே என் பதில். படத்தில் வரைவது நிஜக் கோலத்துக்கு மாற்று அல்ல, அதற்கு முந்தைய பிளான். கல்யாணத்துக்கு முற்றம் நிறையக் கோலம் போட ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். எத்தனை புள்ளி கொள்ளும், ஓரத்தில் எத்தனை கல் மிஞ்சும், வாசலில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும் என்பதை முன்கூட்டியே படத்தில் பார்த்துக்கொண்டால், பாதியில் அழித்துப் போடும் வேலை மிச்சம். பெர்ஸ்பெக்டிவ் தப்பாக இருந்தால் இந்தப் பிரயோஜனமே போச்சு. நசுக்கிய படத்தை நம்பி 9 புள்ளி கொள்ளும் என்று உட்கார்ந்தால், தரையில் 7தான் கொள்ளும்.

ஆனால் இந்த வித்தை நன்றாகக் கைவந்தால் இன்னொரு ஆபத்து வருகிறது. நம் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கு மட்டும் திறக்கிற முற்றத்தில் நான் ஒரு கோலத்தைக் கச்சிதமாக வரைந்து கொடுத்தால், அந்தப் படம் 'இந்த வீட்டில் இன்று காலையில் ஒருத்தி எழுந்து கோலம் போட்டாள்' என்று சொல்கிறது. அது உண்மையல்ல. வெளியூரிலிருந்து பார்க்கிற பேரப்பிள்ளை அதை நம்பிவிடும். வீட்டை விலைக்குக் கேட்கிறவனும் நம்புவான். ஆகவே படத்தின் அடியில் 'கோலம் படத்தில் வரையப்பட்டது' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் உறவினர் பத்திரிகையில் அப்படியே போட்டோம். யாரும் குறையாக நினைக்கவில்லை. 'அப்ப நெசக் கோலம் எங்கே?' என்றுதான் இரண்டு பேர் கேட்டார்கள். கல்யாணத்தன்று அந்தப் பிளானை வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்கள் முற்றத்தில் போட்ட கோலம், சொன்னபடி ஐந்து கல்லுக்குள் அடங்கியது.

முடிவாக, நம் டிராயிங் ஆசிரியர்களுக்கும் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். பெர்ஸ்பெக்டிவ் பயிற்சிக்கு எப்போதும் ஒரு பெட்டியும் நாலு படிக்கட்டும்தான் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டு கண்காட்சிக்கு ஒரு முற்றத்தின் படத்தையும், 9க்கு 9 புள்ளிக் கோலத்தின் பிளானையும் கொடுத்து, இரண்டையும் பொருத்தச் சொல்லுவோம். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் டி-ஸ்கொயரை வைத்துத் தாளிலேயே வரையட்டும், மூலைவிட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மார்க் போடுவதற்கு மட்டும் ஓர் ஆச்சியைக் கூப்பிடுவோம். தரையில் கிடக்கிறதா, நிற்கிறதா என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.